அந்த ±3% எந்த எண்ணுக்கு உரியது?

கேள்வி: "எங்கள் பழைய மாணவர் வட்ஸ்அப் குழுவில் ஒரு கருத்துக்கணிப்புப் படம் சுற்றுகிறது. நாடு முழுவதும் முதலாவது கட்சிக்கு 39%, இரண்டாவதற்கு 35%, மூன்றாவதற்கு 17%, ஏனையோருக்கு 9%. கீழே ஒரு சின்னப் பெட்டியில் 'வட மாகாணம்: முதலாவது கட்சி 44%, இரண்டாவது 31%' என்று இருக்கிறது. அடியில் 'மாதிரி 1,024 பேர், வழு எல்லை ±3%' என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஒன்றே முக்கால் கோடி வாக்காளர் உள்ள நாட்டில் ஆயிரம் பேரைக் கேட்டு இப்படிச் சொல்லலாமா? குழுவில் பாதிப்பேர் 'வடக்கே மாறிவிட்டது' என்கிறார்கள், மீதிப்பேர் 'எல்லாம் புளுகு' என்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் இருக்கிற நான் எதை நம்புவது?"

ஆயிரம் பேர் என்பது குறைவு அல்ல. அந்தப் படத்தில் குறை இருக்குமானால் அது பெரும்பாலும் பெரிய எண்களில் இல்லை; எல்லோரும் கொண்டாடுகிற அந்தச் சின்னப் பெட்டியில்தான் இருக்கிறது. நான் பல ஆண்டுகள் வீட்டு அளவீடுகளில் கள மேற்பார்வையாளராகவும், பின்னர் தரவுகளைச் சரிபார்ப்பவராகவும் வேலை செய்தவன். தேர்தல் கணிப்பு என் நேரடித் தொழில் அல்ல. ஆனால் மாதிரி எடுப்பதில் உள்ள கணக்கு நெல் விளைச்சலுக்கும் வாக்குக்கும் ஒன்றுதான்.

மாதிரியிலிருந்து வரும் எண் உண்மையான எண்ணிலிருந்து எவ்வளவு விலகக்கூடும் என்பதை, கேட்கப்பட்டவர்களின் எண்ணிக்கை தீர்மானிக்கிறதே தவிர, நாட்டில் மொத்தம் எத்தனை பேர் என்பது அநேகமாகத் தீர்மானிப்பதில்லை. இதை நம்புவது கடினம் என்பதால் ஒரு கணக்கைத் தருகிறேன். 2024 இல் நாட்டின் பதிவு செய்யப்பட்ட வாக்காளர் ஏறத்தாழ 1 கோடியே 71 இலட்சம் பேர். எழுமாற்றாகத் தெரிவு செய்து ±3% வழு எல்லையை அடைய 1,067 பேர் போதும். கிளிநொச்சியையும் சேர்த்த யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் வாக்காளர் ஏறத்தாழ 5 இலட்சத்து 93 ஆயிரம் பேர். நாட்டின் இருபத்தைந்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த மாவட்டத்துக்கு மட்டும் அதே ±3% வேண்டுமென்றால் எத்தனை பேரைக் கேட்க வேண்டும் தெரியுமா? 1,065 பேரை. இரண்டு பேர்தான் குறைகிறார்கள். இதன் ஒரு பக்கம், ஆயிரம் பேரைக் கொண்டு முழு நாட்டையும் பற்றிப் பேசலாம் என்பது. மறு பக்கம், சிறிய இடத்தைப் பற்றிப் பேசுவதற்குச் சிறிய மாதிரி போதாது என்பது. குழுவில் 'எல்லாம் புளுகு' என்பவர்கள் முதற் பக்கத்தைத் தவறவிடுகிறார்கள். 'வடக்கே மாறிவிட்டது' என்பவர்கள் இரண்டாவதைத் தவறவிடுகிறார்கள்.

வழு எல்லையை நீங்களே கைத்தொலைபேசியின் கணிப்பானில் பார்க்கலாம். கேட்கப்பட்டவர்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் கண்டு, 100 ஐ அதனால் வகுத்தால் ஏறத்தாழ வழு எல்லை சதவீதத்தில் கிடைக்கும். 1,024 இன் வர்க்கமூலம் 32; 100 ÷ 32 = 3.1. படத்தில் ±3% என்று போட்டிருப்பது ஒத்துப்போகிறது. 400 பேரைக் கேட்டோம், வழு எல்லை ±2% என்று ஒரு படம் வந்தால், 400 பேருக்கு ±5% தான் வரும் என்பதால் அதை அந்த இடத்திலேயே ஒதுக்கிவிடலாம். ஒத்துப்போவதால் மட்டும் உங்கள் படம் உண்மையாகிவிடாது. பொய்ப் படம் செய்பவருக்கும் கணிப்பான் இருக்கிறது.

அந்த ±3 சொல்வது இதைத்தான்: இதே முறையில் மாதிரியை மீண்டும் மீண்டும் எடுத்தால், 100 இல் 95 தடவை உண்மையான அளவு கிடைத்த எண்ணுக்கு மேலோ கீழோ 3 புள்ளிகளுக்குள் இருக்கும். மிச்சம் 5 தடவை வெளியே போகும், யாரும் எந்தத் தவறும் செய்யாமலே. மேலும், 1,024 பேரும் பதில் சொன்ன ஒரு கேள்வியின் ஒரு தனி எண்ணுக்கு மட்டுமே அந்த ±3 உரியது. முதலாவது கட்சியின் 39% க்கு அது பொருந்தும். இரண்டு கட்சிகளுக்கிடையிலான வித்தியாசத்துக்குப் பொருந்தாது. ஒரு கட்சி தற்செயலாக மாதிரியில் கூடிவிட்டால் மற்றது பெரும்பாலும் குறைந்திருக்கும். ஆகவே வித்தியாசம் இரு பக்கமும் இழுபடும். 39 க்கும் 35 க்கும் இடையிலான 4 புள்ளி முன்னிலைக்கு உரிய வழு எல்லை ±5.3. அதாவது உண்மையான முன்னிலை 9 புள்ளியாகவும் இருக்கலாம், முதலாவது கட்சி ஒரு புள்ளி பின்னாலேயும் இருக்கலாம். இதைக் கண்டவுடன் 'அப்படியென்றால் இருவரும் சமம்' என்று எழுதிவிடுகிறார்கள், அதுவும் சரியல்ல. எல்லையின் நடுப்பகுதி ஓரங்களைவிட நிகழக்கூடியது. மாதிரி ஒழுங்காக எடுக்கப்பட்டிருந்தால் முதலாவது கட்சி முந்தி நிற்கிறது என்பதற்கே வாய்ப்பு அதிகம். ஆனால் பந்தயம் கட்டும் அளவுக்கு உறுதி இல்லை.

இனி வடக்குக்கு வருவோம். யாழ்ப்பாணம், வன்னி ஆகிய இரு தேர்தல் மாவட்டங்களையும் சேர்த்தால் 2024 இல் வாக்காளர் 9 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. நாட்டின் வாக்காளரில் அது 5.25%. மாதிரி குடித்தொகையின் விகிதப்படி பகிரப்பட்டிருந்தால் 1,024 இல் வட மாகாணத்தவர் 54 பேர். கணிப்பாளர் வேண்டுமென்றே வடக்கில் கூடுதலானவர்களைக் கேட்டிருக்கவும் கூடும். நல்ல நிறுவனங்கள் சில வேளை அப்படிச் செய்வதுண்டு, ஆனால் செய்தவர்கள் அதைப் பெருமையாக எழுதிவைப்பார்கள். எழுதாதவரை 54 என்றே கொள்ள வேண்டும்.

54 பேரில் 44% என்றால் 24 பேர். 31% என்றால் 17 பேர். 'வடக்கே மாறிவிட்டது' என்ற பேச்சு முழுவதும் ஏழு பேரில் நிற்கிறது. அந்த 24 பேரில் நான்கு பேர் மற்றக் கட்சியைச் சொல்லியிருந்தால் கணக்கு 20க்கு 21 ஆகி முன்னிலையே மாறியிருக்கும். 54 இன் வர்க்கமூலம் 7.3; 100 ஐ அதனால் வகுத்தால் 14 க்குச் சற்றுக் குறைவாக வரும், 44% க்கு நுணுக்கமாகக் கணக்கிட்டால் வழு எல்லை ஏறத்தாழ ±13. முதலாவது கட்சிக்கு வடக்கில் 31% ஆதரவும் இருக்கலாம், 57% உம் இருக்கலாம். 13 புள்ளி முன்னிலைக்கு உரிய எல்லையோ ±23. உண்மை நிலை 36 புள்ளி முன்னிலைக்கும் 10 புள்ளி பின்னடைவுக்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்பதுதான் அந்தப் பெட்டி உண்மையில் சொல்லும் செய்தி. இதை அச்சிட்டால் யாரும் பகிரமாட்டார்கள் என்பது வேறு விடயம்.

இந்த ±13 கூட, 54 பேரும் மாகாணம் முழுவதிலுமிருந்து ஒவ்வொருவராகத் தனித்தனியே எழுமாற்றாக எடுக்கப்பட்டார்கள் என்று வைத்துக்கொண்ட கணக்கு. நேரில் சென்று கேட்கும் அளவீடுகளில் அப்படி நடப்பதில்லை, செலவு தாங்காது. முதலில் சில கிராம அலுவலர் பிரிவுகளைத் தெரிவு செய்து, பிறகு ஒவ்வொன்றிலும் எட்டோ பத்தோ வீடுகளைத் தெரிவு செய்வார்கள். பிரிவுக்குப் பத்துப் பேர் என்றால் 54 பேருக்கு ஐந்தாறு பிரிவுகள் போதும். யாழ்ப்பாண மாவட்டத்தில் மட்டும் 435 கிராம அலுவலர் பிரிவுகள் இருக்கின்றன. குலுக்கலில் நல்லூரில் இரண்டும் வவுனியா நகரில் இரண்டும் விழுந்து, மன்னாரிலும் தீவகத்திலும் ஒன்றும் விழாமற் போவது சாதாரணமாக நடக்கும். ஒரே ஒழுங்கையில் உள்ள பத்து வீட்டார் பத்துத் தனித்தனிக் கருத்தாளர்கள் அல்லர். ஒரே சங்கக் கடை, ஒரே கோயிற் திருவிழா, ஒரே வேட்பாளர் வந்து கும்பிட்டுவிட்டுப் போன வாசல். அயலவர் பதில்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் அளவு 0.05 என்ற சிறிய எண்ணாக இருந்தாலே 1,024 பேரின் பெறுமதி 700 பேருக்குக் குறுகிவிடும். நாட்டுக்கான ±3 ஏறத்தாழ ±3.7 ஆகும், வடக்குக்கான ±13 ஏறத்தாழ ±16 ஆகும். இப்படித் திருத்திய எல்லையைத் தருகிற கணிப்புகளும் உண்டு. ஆனால் பகிரப்படும் படங்களில் பெரும்பாலும் 100 ஐ வர்க்கமூலத்தால் வகுத்த எண்தான் இருக்கும், உங்கள் படத்தில் இருப்பதுபோல.

நாட்டு எண்ணைக் கொண்டு வடக்கை அளக்க முடியாது என்பதற்கு அண்மைய தேர்தலே சாட்சி. 2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் அநுர குமார திசாநாயக்க நாடு முழுவதும் 42.31% வாக்குகளைப் பெற்றார். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் அவர் பெற்றது 7.29%. பா. அரியநேத்திரன் நாடு முழுவதும் பெற்றது 1.70%, யாழ்ப்பாணத்தில் 31.39%. அந்த நாளில் எந்தப் பிழையும் இல்லாத 1,024 பேர் மாதிரி ஒன்று எடுக்கப்பட்டிருந்தால், அரியநேத்திரனுக்கு வாக்களித்தவர்கள் அதில் 17 பேர் அளவில் இருந்திருப்பார்கள், அவர் 'ஏனையோர்' என்ற கட்டத்துக்குள் போயிருப்பார். அந்தப் படம் நாட்டைப் பற்றிச் சரியாகச் சொல்லியிருக்கும்; நமக்கு அது ஒன்றையும் சொல்லியிராது. உங்கள் படத்திலும் 'ஏனையோர் 9%' என்று ஒரு கட்டம் இருக்கிறது. வட மாகாணப் பெட்டியில் 44 ஐயும் 31 ஐயும் கூட்டினால் 75 தான் வருகிறது. எஞ்சிய 25% யார் என்பதை, அதாவது தமிழ்க் கட்சிகளா, மூன்றாவது கட்சியா, பதில் சொல்லாதவர்களா என்பதைப் படம் சொல்லவில்லை. இங்கே வாழ்கிற ஒருவர் முதலில் கேட்க வேண்டியது அந்த 25 ஐப் பற்றித்தான் என்பது என் எண்ணம்.

வழு எல்லை கணக்கிலேயே எடுக்காத தவறுகள் வேறு இருக்கின்றன. ஒடியற்கூழைக் கலக்காமல் மேலாக அள்ளினால் நண்டும் மீனும் அடியிலேயே கிடக்கும். பெரிய அகப்பையைக் கொண்டுவந்தாலும் மேலே இருப்பதுதான் கூடுதலாக வரும். 1936 இல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் அந்நாட்டின் லிட்டரரி டைஜஸ்ட் சஞ்சிகை ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு வாக்கு அட்டைகளை அனுப்பி, ஏறத்தாழ 24 இலட்சம் பதில்களைப் பெற்று, லாண்டன் 57% எடுத்து வெல்வார் என்று சொன்னது. நம் கணக்குப்படி 24 இலட்சம் பேருக்கு வழு எல்லை ±0.06%. ரூஸ்வெல்ட் ஏறத்தாழ 61% எடுத்து 48 மாநிலங்களில் 46 ஐ வென்றார். அட்டைகள் பெரும்பாலும் தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியல்களைக் கொண்டு அனுப்பப்பட்டன. பொருளாதாரம் விழுந்து கிடந்த காலத்தில் அவர்கள் யார் என்று சொல்லத் தேவையில்லை. அட்டையைத் திருப்பி அனுப்ப அக்கறை காட்டியவர்களும் ஒரு பக்கம் சாய்ந்தவர்களாக இருந்தார்கள். இன்று முகநூலில் 'இலட்சம் பேர் வாக்களித்த கணிப்பு' என்று வருவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை; தாமாக வந்து அழுத்தியவர்களின் தொகைக்கு வழு எல்லை என்று ஒன்று கிடையாது.

நம் ஊரில் இந்தச் சாய்வு எப்படி நுழைகிறது என்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். ஓர் அளவீட்டில், பெயர் வேண்டாம், தெரிவான வீடுகளில் கணிசமானவை பூட்டிக் கிடந்தன. உரிமையாளர்கள் கனடாவிலோ பிரான்சிலோ இருந்தார்கள். அது பிழையில்லை, ஆளில்லாத வீடு என்று பதிந்துவிட்டுப் போகலாம். ஆனால் ஆள் இருந்தும் அந்த நேரத்தில் இல்லாத வீடுகளுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்பது விதி. எங்கள் தரவு சேகரிப்பாளர் ஒருவர் திரும்பிப் போகாமல் பக்கத்தில் கதவு திறந்திருந்த வீட்டில் கேட்டு நிரப்பியிருந்தார். படிவங்களைப் புரட்டியபோது பதிலளித்தவர்களில் ஓய்வு பெற்றவர்களும் வீட்டிலிருக்கும் பெண்களுமே நிறைந்திருந்ததைக் கண்டுதான் பிடித்தேன். தோட்டத்துக்கும் கடலுக்கும் கடைக்கும் போனவர்கள் காணாமற் போயிருந்தார்கள். எண்ணிக்கை சரியாக இருந்தது, வழு எல்லையும் மாறவில்லை. தொலைபேசிக் கணிப்பிலும் இதே சிக்கல் வேறு உருவில் வரும்: தெரியாத இலக்கத்திலிருந்து அழைத்து அரசியல் கேட்டால் இங்கே எத்தனை பேர் மனம் திறப்பார்கள், அழைத்தவர் எந்த மொழியில் தொடங்கினார் என்பதெல்லாம் பதிலை மாற்றும். பதிலளித்தவர்களின் வயது, பால், மாவட்டம் ஆகியவற்றைக் குடிசன மதிப்பீட்டோடு ஒப்பிட்டு நிறை கொடுத்து இதை ஓரளவு சரிசெய்யலாம்; முழுதாகச் சரிசெய்ய முடியாது.

உங்கள் படத்திலேயே இதற்கு ஒரு தடயம் இருக்கிறது. 39, 35, 17, 9 ஆகியவற்றைக் கூட்டுங்கள்: 100. 'இன்னும் தீர்மானிக்கவில்லை', 'சொல்ல விரும்பவில்லை' என்று ஒருவர்கூட இல்லை. ஆயிரம் பேரிடம் யாருக்கு வாக்கு என்று கேட்டு, ஒருவரும் தயங்காத அளவீட்டை நான் கண்டதில்லை. ஆகவே அவர்கள் நீக்கப்பட்டிருக்கிறார்கள், அல்லது கட்சிகளுக்குப் பகிர்ந்து கொடுக்கப்பட்டிருக்கிறார்கள். உதாரணத்துக்கு 1,024 இல் 224 பேர் நீக்கப்பட்டிருந்தால் அந்த 39% இன் அடித்தளம் 800 பேர்தான். வழு எல்லை ±3.5 ஆகிவிடும். அது சின்ன விடயம். வடக்கில் பதில் சொல்லாதவர்கள் மற்ற மாகாணங்களைவிட அதிகமாக இருந்திருந்தால் அந்த 54 என்ன ஆனது என்பதுதான் பெரிய விடயம்.

படத்தை அனுப்பியவரிடம் நான் கேட்பது மூன்றுதான். மூல அறிக்கையின் இணைப்பு, களத்தில் கேட்ட திகதிகள், வட மாகாணத்தில் பதிலளித்தவர்களின் எண்ணிக்கை. இணைப்பு இல்லையென்றால், படத்தில் உள்ள நிறுவனத்தின் பெயரைக் கொண்டு அவர்களது சொந்தப் பக்கத்தில் அதே எண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். நிறுவனத்தின் பெயரே படத்தில் இல்லையென்றால் மேற்கொண்டு கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. திகதி ஏன் வேண்டும் என்றால், ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் 7.29% எடுத்த அதே தரப்பு, எட்டு வாரம் கழித்து 2024 நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில், தேசிய மக்கள் சக்தியாக, அதே மாவட்டத்தில் 24.85% எடுத்து ஆறில் மூன்று ஆசனங்களைப் பெற்றது. தேர்தல் வேறு, கேள்வி வேறு என்பது உண்மைதான். ஆயினும் செப்டெம்பரில் கேட்ட ஒரு கணிப்பின் படத்தைத் திகதியை வெட்டிவிட்டு நவம்பரில் பகிர்ந்திருந்தால் எந்த வழு எல்லையும் அதைக் காப்பாற்றியிராது.

எண்ணிக்கை கிடைத்து, வடக்கில் 400 பேரைக் கேட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன். அப்போது தனி எண்ணுக்கு ±5, முன்னிலைக்கு ஏறத்தாழ ±8.4 வரும், 13 புள்ளி வித்தியாசம் அதைத் தாண்டி நிற்கும். 54 தான் என்றால், நாட்டு எண்களை ஒரு மாதிரிக்குரிய அவதானத்தோடு வாசித்துவிட்டு, அந்தப் பெட்டியைப் படத்திலிருந்து வெட்டிவிடுங்கள்.